68,000 ரூபாய் பல் எஸ்டிமேட்: எதை இப்பவே செய்யணும், எது காத்திருக்கும்?

மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு நாலு நாளாகப் பல்வலி. பக்கத்தில் இருக்கும் பல் கிளினிக்குக்குப் போகிறார். எக்ஸ்ரே எடுக்கிறார்கள், வாய் முழுக்கப் பார்க்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது கையில் ஒரு பக்க எஸ்டிமேட். அதை போட்டோ எடுத்து சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "ஏன்டி, இதுல என்ன எழுதியிருக்குன்னே புரியல. மொத்தம் அறுபத்தெட்டாயிரம்னு போட்ருக்கு. ஒரு பல்லுதானே வலிக்குது? எதை இப்பவே பாக்கணும், எதைப் பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்?"

இது பல வீடுகளில் நடப்பதை வைத்து உருவாக்கிய ஒரு மாதிரிக் காட்சி. விலைகளும் உதாரணத்துக்குத்தான், ஊருக்கு ஊர், கிளினிக்குக்கு கிளினிக் மாறும். ஆனால் அம்மா கேட்ட கேள்வி நிஜமானது. அதற்கான பதில் அந்தக் காகிதத்தில் இல்லை என்பதும் நிஜம். ஏனென்றால் எஸ்டிமேட் என்பது விலைப்பட்டியல். எதற்கு அவசரம், எதற்கு அவகாசம் என்பதை அது சொல்லாது. அந்தக் காகிதத்தை வரிவரியாகத் தமிழில் படித்தால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

காகிதத்தில் என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எஸ்டிமேட்டில் எட்டு வரிகள்:

- 46 – இம்பிளான்ட்: 35,000
- 36 – ஸிர்கோனியா கிரௌன்: 10,000
- 48 – சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்ஷன்: 7,000
- 36 – ஆர்.சி.டி: 6,000
- ஸ்கேலிங், ரூட் பிளேனிங்: 4,000
- 14, 15 – காம்போசிட் ஃபில்லிங்: 3,000
- 27 – டீப் கேரிஸ், ஃபில்லிங்: 1,500
- 36 – கோர் பில்ட்-அப்: 1,500

அதிக விலை மேலே, குறைந்த விலை கீழே. படிக்கிறவர் கண்ணில் முதலில் படுவது 35,000. வலிக்கிற பல் எது என்பதே நாலாவது வரியில்தான் வருகிறது. அதே பல்லுக்கான மூன்று வேலைகள் மூன்று வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

36, 46 என்றால் என்ன?

முதலில் எண்களை உடைப்போம். இது பல நாடுகளில் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டு இலக்க முறை. முதல் எண் வாயின் எந்தக் கால்பகுதி என்று சொல்கிறது. 1 என்றால் மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. வலது, இடது என்பது நோயாளியின் வலது, இடது. எதிரே நின்று பார்ப்பவருடையது அல்ல.

இரண்டாவது எண், முன்பல்லின் நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அது எத்தனையாவது பல் என்பது. 1 நடு முன்பல். 6, 7 பெரிய கடைவாய்ப்பற்கள். 8 கடைசியாக முளைக்கும் ஞானப்பல்.

ஆக 36 என்பது கீழ் இடது பக்க முதல் பெரிய கடைவாய்ப்பல். அம்மா கையை வைத்துக் காட்டும் பல் அதுதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளலாம். 46 அதே பல்லின் வலது பக்க ஜோடி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதைப் பிடுங்கியாகிவிட்டது. அதனால்தான் அம்மா இத்தனை நாளாக இடது பக்கமே மென்று சாப்பிட்டு வந்தார். இப்போது அந்தப் பக்கமும் வலிக்கிறது. இந்த ஒரு தகவலோடு காகிதத்தைப் பார்த்தால், எட்டு வரிகளும் ஒரே வாயின் கதையாகத் தெரியும்.

முதலில் ஒரு கேள்வி: இன்றே ஓட வேண்டிய நிலையா?

வரிசை போடுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட வேண்டும். கன்னமோ தாடையோ வீங்கி, வீக்கம் பரவுகிறதா? காய்ச்சல் இருக்கிறதா? வாயைத் திறக்க முடியவில்லையா? எச்சில் விழுங்கக் கஷ்டமா? மூச்சு விடச் சிரமமா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் எஸ்டிமேட் பேச்சே வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேரில் இருக்கும் சீழ், நாக்குக்கு அடியிலும் கழுத்துக்கும் இறங்கி மூச்சுப்பாதையை அடைக்கக்கூடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நம் உதாரணத்தில் அம்மாவுக்கு வீக்கமோ காய்ச்சலோ இல்லை. ராத்திரி படுத்தால் தெறிக்கிற வலி மட்டும். அப்படியானால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

36: வலி நின்றாலும் தள்ளிப்போட முடியாத பல்

பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் ஒரு சிறு அறை உண்டு. சொத்தை மேல்பகுதியில் இருக்கும்வரை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று இருக்கும்; தண்ணீரை விழுங்கியதும் போய்விடும். அந்த நிலையில் பெரும்பாலும் அடைத்தாலே போதும். ஆனால் குளிர்ச்சி போன பிறகும் வலி நிமிஷக்கணக்கில் நிற்கிறது, சூடு பட்டால் வலிக்கிறது, ஒன்றுமே படாமல் தானாக வலிக்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால், உள்ளே இருக்கும் நரம்பு இனி தேறாது என்பதற்கான அறிகுறிகள் அவை. அம்மாவுக்கு இருப்பது இந்த இரண்டாவது வகை. ஆர்.சி.டி, அதாவது வேர் சிகிச்சை, இதற்குத்தான். கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில நாளில் வலி தானாகவே நின்றுவிடும். "சரியாப் போச்சு, விடு" என்று தோன்றும். நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றிருக்கும். தொற்று உள்ளேயே இருந்து, வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் போகும். கொஞ்ச நாள் கழித்து, கடித்தால் வலி, ஈறில் சின்னக் கொப்புளம், அல்லது வீக்கம் என்று திரும்பி வரும்.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் இதேபோல ஒரு தற்காலிக ஆறுதல்தான். செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் இல்லை. மாத்திரை அங்கே போய்ச் சேராது. தொற்றின் மூலத்தை எடுக்கும்வரை பிரச்சினை முடியாது. எப்போது ஆன்டிபயாடிக் தேவை என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஆக முதல் இடம் 36-க்கு. ஆனால் வேர் சிகிச்சையோடு அது முடியவில்லை. கோர், கிரௌன் என்று மேலும் இரண்டு வரிகள் அதே பல்லுக்கு இருக்கின்றன. கோர் என்பது சொத்தையில் போன பகுதியை உள்ளிருந்து கட்டி எழுப்புவது. கிரௌன் என்பது எல்லோரும் சொல்லும் 'கேப்', பல்லுக்கு மேல் போடும் உறை.

"ரூட் கேனால் முடிஞ்சதும் வலி போயிடுச்சு, கேப் அப்புறம் பாத்துக்கலாம்" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். இதுதான் காசை வீணாக்கும் முடிவு. சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து அந்தப் பல்லின் நடுப்பகுதியைக் காலி செய்துவிட்டிருக்கும். மிச்சம் இருக்கும் சுவர்கள் கடைவாயின் கடி அழுத்தத்தைத் தாங்காமல் பிளக்கக்கூடும். வேர் வரை பிளந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. தற்காலிக அடைப்பும் சில வாரங்களுக்கு மேல் நிற்காது; அது கசிந்தால் சுத்தம் செய்த குழாய்க்குள் மறுபடி கிருமி போகும். அதனால் கோர் உடனே, கேப் சில வாரங்களுக்குள் என்று வைத்துக்கொள்வதே சரி. மூன்று வரிகளையும் சேர்த்து ஒரே வேலையாக, 17,500 ரூபாயாகப் பார்க்க வேண்டும்.

சேமிக்க இடம் வேறெங்கே இருக்கிறது? கேப்பின் வகையில். ஸிர்கோனியா பல் நிறத்தில் இருக்கும், உறுதியானது, விலையும் அதிகம். உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் இருக்கும் கேப் பல வருஷமாகப் புழக்கத்தில் இருப்பது, விலை குறைவு. சிரித்தால் தெரியாத கடைவாய்ப்பல்லுக்கு அது போதுமா என்று தயங்காமல் கேட்கலாம். கேப்பே போடாமல் விடுவதைவிட, விலை குறைந்த கேப் போடுவது எவ்வளவோ மேல்.

27: வலிக்கவே இல்லை, ஆனாலும் அவசரம்

பட்டியலின் கடைசிப் பக்கத்தில், 1,500 ரூபாயில் ஒதுங்கி நிற்கும் வரி இது. 'டீப் கேரிஸ்' என்றால் ஆழமான சொத்தை. நரம்பு அறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் இன்னும் தொடவில்லை. வலி இல்லாததால் அம்மாவுக்கு அப்படி ஒரு சொத்தை இருப்பதே தெரியாது.

இந்த 1,500-ஐ மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? 36-க்கு நடந்ததுதான் 27-க்கும் நடக்கும். அப்போது வேர் சிகிச்சை, கோர், கேப் என்று இன்னொரு 17,500. முழுப் பட்டியலிலும் தாமதத்துக்கு அதிக வட்டி வாங்கும் வரி இதுதான். வலியை மட்டும் வைத்து வரிசை போட்டால் இது கடைசிக்குப் போய்விடும். "தள்ளிப்போட்டால் இதன் சிகிச்சையே மாறிவிடுமா?" என்று கேட்டால் இது முன்னால் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஆழமான சொத்தையைச் சுத்தம் செய்யும்போதுதான் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். சில சமயம் அடைத்த பிறகும் வலி வந்து வேர் சிகிச்சை தேவைப்படலாம். இதை டாக்டர் முன்கூட்டியே சொன்னால் அது நேர்மையான பேச்சு.

ஈறு: வலிக்காமல் பல்லை எடுக்கும் வேலை

ஸ்கேலிங் என்பதை "பல் க்ளீனிங்" என்று சொல்லிச் சொல்லியே, அழகுக்குச் செய்வது என்ற எண்ணம் வந்துவிட்டது. அம்மாவின் காகிதத்தில் 'ரூட் பிளேனிங்' என்றும் இருக்கிறது. ஈறுக்கு அடியில், வேரின் மேல் படிந்திருக்கும் காரையையும் சுத்தம் செய்வது அது. அப்படி எழுதியிருந்தால் ஈறு நோய் இருக்கிறது என்று அர்த்தம்.

எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை அளக்க முடியும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை ஒரு மெல்லிய கருவியால் மில்லிமீட்டரில் அளப்பார்கள். மூன்று வரை பொதுவாகச் சரி. நாலு, அதற்கு மேல், தொட்டால் ரத்தம் என்றால் சிகிச்சை தேவை. "அம்மாவுக்கு எவ்வளவு இருக்கு டாக்டர்?" என்று கேட்டால் எண்ணில் பதில் வர வேண்டும்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்த வரி இன்னும் முக்கியம். சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமாகும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கஷ்டமாகும். ஈறுக்கு ஒழுங்காகச் சிகிச்சை செய்த பிறகு மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சிறிதளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது சர்க்கரை மாத்திரைக்கு மாற்று அல்ல, கூடுதல் துணை.

"க்ளீன் பண்ணா பல்லு ஆடும், இடைவெளி விழும்" என்று அம்மா சொல்லக்கூடும். அந்த இடைவெளி ஏற்கெனவே இருந்ததுதான். ஈறு இறங்கிய இடத்தைக் காரை நிரப்பி வைத்திருந்தது. எடுத்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. சில நாள் பல் கூச்சம் இருக்கும், பிறகு குறையும். அதைச் சொல்லாமல் அனுப்பினால், அடுத்த முறை அவர் கிளினிக் பக்கமே போக மாட்டார்.

14, 15: அடைக்கத்தான் வேண்டுமா?

இனி காத்திருக்கக்கூடியவை. மேல் வலது பக்கச் சிறிய கடைவாய்ப்பற்கள் இரண்டிலும் ஃபில்லிங் என்று எழுதியிருக்கிறது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சொத்தை பல்லின் வெளி ஓடான எனாமலில் மட்டும் இருக்கிறதா, உள்ளே இருக்கும் டென்டினுக்குப் போய்விட்டதா? மேலே ஓட்டை விழுந்திருக்கிறதா?

எனாமலுக்குள் மட்டும் இருக்கிறது, ஓட்டை விழவில்லை என்றால் அதை நிறுத்தி வைக்க முடியும். ஒருமுறை துளைபோட்டு அடைத்துவிட்டால், அந்த அடைப்பை ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டியிருக்கும். அதனால் ஆரம்ப நிலையில் கண்காணிப்பதும் ஒரு சிகிச்சைதான். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டால் தினம் இரண்டு முறை துலக்குவது, துலக்கியதும் துப்பிவிட்டு உடனே தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுவது, பல்லிடுக்கைச் சுத்தம் செய்வது, இனிப்பு சேர்த்த டீயை நாளுக்கு எத்தனை தடவை குடிக்கிறோம் என்பதைக் குறைப்பது. பேஸ்ட் டியூபைத் திருப்பிப் பார்த்தால் ஃப்ளோரைடு அளவு இருக்கும், 1000 பி.பி.எம் என்று இருந்தால் சரி. 'ஹெர்பல்' என்று விற்கும் பல பேஸ்ட்டுகளில் ஃப்ளோரைடே கிடையாது. பிறகு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடி எக்ஸ்ரே. சொத்தை வளர்ந்திருந்தால் அப்போது அடைக்கலாம்.

எந்த எக்ஸ்ரேயை வைத்து முடிவு செய்தார்கள் என்பதும் முக்கியம். முகத்தைச் சுற்றி எடுக்கும் பெரிய படம், ஓ.பி.ஜி, தாடை, ஞானப்பல், எலும்பு எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும். ஆனால் இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் ஆரம்பச் சொத்தையை அது சரியாகக் காட்டாது. அதற்கு வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய படம், குறிப்பாக 'பைட்விங்', தேவை. ஓ.பி.ஜி மட்டும் எடுத்துவிட்டு ஆரம்பச் சொத்தைக்கு ஃபில்லிங் எழுதியிருந்தால், சின்னப் படம் ஒன்று எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பில்லை.

48: தூங்குகிற ஞானப்பல்லை எழுப்ப வேண்டுமா?

அம்மாவின் 48 எலும்புக்குள் சாய்ந்து புதைந்து கிடக்கிறது. இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. பிரச்சினை செய்யாத புதைந்த ஞானப்பல்லை, பின்னால் பிரச்சினை வரலாம் என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. கீழ் ஞானப்பல்லுக்கு மிக அருகில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அறுவை சிகிச்சையில் அது பாதிக்கப்பட்டால் மரத்துப்போகும். அரிதாக அது நிரந்தரமாகவும் ஆகலாம்.

எப்போது எடுக்க வேண்டும்? பாதி வெளியே வந்து, அதைச் சுற்றி ஈறு அடிக்கடி வீங்கினால். அதிலோ பக்கத்தில் இருக்கும் 47-லோ சொத்தை வந்தால். எக்ஸ்ரேயில் நீர்க்கட்டி தெரிந்தால். இவற்றில் ஒன்றைக் காட்டி டாக்டர் சொன்னால் எடுக்கலாம். வயது கூடக்கூட எலும்பு கெட்டியாகி இந்தச் சிகிச்சை கடினமாகும் என்று அவர் சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் தொந்தரவே இல்லை என்றால், அவ்வப்போது எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டாலே போதும்.

46: காத்திருக்கலாம் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும்

பட்டியலின் பெரிய தொகை, 35,000. பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு வைத்து, அதன் மேல் பல் கட்டுவதுதான் இம்பிளான்ட்.

பல் இல்லாத இடத்தைப் பல வருஷம் அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயலாம், எதிரே இருக்கும் பல் இறங்கலாம், எலும்பு தேயலாம். அதனால் "எப்போ வேணா பண்ணலாம்" என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எட்டு வருஷமாக இல்லாத பல்லுக்கு இன்னும் ஆறு மாதம் பெரிய வித்தியாசம் செய்துவிடாது.

இன்னொரு பக்கம், அவசரப்பட்டால் நஷ்டம் உண்டு. ஈறு நோய் இருக்கும் வாயில் வைத்த இம்பிளான்டைச் சுற்றியும் அதேபோன்ற நோய் வரக்கூடும். சுற்றியுள்ள எலும்பு கரைந்து திருகு ஆட ஆரம்பிக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவதும் திருகு எலும்போடு சேர்வதும் தடைபடும். ஆக முதலில் ஈறு, அடுத்து சர்க்கரை, அதற்குப் பிறகுதான் இம்பிளான்ட். ஈறு சிகிச்சைக்கு முன்னாலேயே இம்பிளான்டுக்கு அட்வான்ஸ் கட்டச் சொன்னால், ஏன் என்று கேட்க வேண்டும்.

அந்த அவகாசத்தில் இரண்டு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். 35,000-ல் திருகு மட்டுமா, மேலே வரும் பல்லும் சேர்த்தா, எலும்பு போதாமல் கிராஃப்ட் வைத்தால் தனிக் கட்டணமா? மாற்று வழி என்ன? பக்கத்தில் இருக்கும் 45, 47 இரண்டையும் தேய்த்து பிரிட்ஜ் போடலாம். ஆனால் நல்ல பற்களைத் தேய்க்க வேண்டியிருக்கும். கழற்றி மாட்டும் பல் செட் மிகக் குறைந்த செலவு. ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவுதான், அதன் விளைவுகளைத் தெரிந்துகொண்டால்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம்

மகள் அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய மொழிபெயர்ப்பு இப்படி இருக்கலாம்:

"அம்மா, ராத்திரி வலிக்குதுல்ல, அந்தப் பல்லோட வேர் சிகிச்சையும் உள்ளே கட்டுறதும் இந்த வாரமே பண்ணிடணும். 7,500. மேல இடது பக்கம் ஒரு சொத்தை உனக்கே தெரியாம ஆழமாப் போயிருக்கு, அதையும் இப்பவே அடைச்சிடலாம். 1,500. ஈறு சுத்தம் பண்றது 4,000, அதுவும் இந்த மாசமே ஆரம்பிக்கணும், உன் சுகருக்கும் நல்லது. மொத்தம் 13,000. அடுத்த மாசத்துக்குள்ள வேர் சிகிச்சை பண்ண பல்லுக்கு கேப், அது 10,000. மீதி 45,000-க்கு இருக்கிற எதுவும் இப்போ வேணாம். மூணு மாசம் கழிச்சு ஈறும் சுகரும் எப்படி இருக்குன்னு பாத்துட்டு இம்பிளான்ட் பத்திப் பேசலாம். ஞானப்பல்லையும் அந்த ரெண்டு சின்னச் சொத்தையையும் எக்ஸ்ரேல கவனிச்சுட்டு இருக்கலாம். டாக்டர்கிட்ட ஒருதடவை கேட்டுட்டு முடிவு பண்ணுவோம். போறப்ப சாப்பிட்டுட்டு, சுகர் மாத்திரை எப்பவும் போலப் போட்டுட்டுப் போ. என்னென்ன மாத்திரை சாப்பிடறேன்னு சீட்டை எடுத்துக் காட்டு."

68,000 என்று பயமுறுத்திய காகிதம் இப்போது 13,000, 10,000, 45,000 என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. கடைசி வரி முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பல் சிகிச்சைக்காக அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

13,000-மே கஷ்டம் என்றால்? சென்னையில் 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில், குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்கிறார்கள். காத்திருப்பும் வரவேண்டிய தடவைகளும் கூடும். எப்படியும் கேப் போட வழியே இல்லை என்றால், வேர் சிகிச்சை செய்து பாதியில் விடுவதா, பல்லை எடுத்துவிடுவதா என்று முன்னாலேயே டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

கிளினிக்குகள் செய்ய வேண்டியது

இந்தப் பிரிப்பு வேலை மகளுடையது அல்ல. எட்டு வரிகளையும் எழுதிய மருத்துவருக்கு எது முதலில் என்று தெரியும். பெரும்பாலும் கேட்டால் சொல்லவும் செய்வார்கள். காகிதத்தில்தான் அது வருவதில்லை.

சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. நோயாளியின் சம்மதம் செல்ல வேண்டுமானால், சிகிச்சை என்ன, எதற்கு, மாற்று வழி உண்டா, ஆபத்து என்ன, சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பவை அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அது பல் மருத்துவம் தொடர்பான வழக்கு அல்ல. ஆனால் "மறுத்தால் என்ன ஆகும்" என்பதுதான் அம்மாவின் வாய்ஸ் நோட்டில் இருந்த கேள்வியும். இம்பிளான்ட் 35,000 என்ற ஒரு வரி அதற்குப் பதில் ஆகாது.

செலவில்லாத ஒரு மாற்றம் போதும். எஸ்டிமேட்டில் விலைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம்: 'எப்போதுக்குள்' என்று ஒன்று, 'செய்யாவிட்டால்' என்று ஒன்று. தமிழில். அந்த இரண்டு கட்டமும் வரும்வரை நோயாளியின் வீட்டார்தான் ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டும்: "டாக்டர், இதை ஆறு மாசம் தள்ளிப்போட்டா என்ன ஆகும்? அது ஆகுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் எக்ஸ்ரேயைக் காட்டி, அந்தப் பல்லைப் பற்றி வந்தால் அந்த வரியை நம்பலாம். "எல்லாத்தையும் சேர்த்துப் பண்ணா டிஸ்கவுண்ட்" என்று வந்தால், எக்ஸ்ரேயின் டிஜிட்டல் காப்பியை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம், முதல் எஸ்டிமேட்டைக் காட்டாமல், அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் 36-க்கும் 27-க்கும் அந்தத் தேடலில் மாதங்கள் ஓடிவிடக் கூடாது.